பாயிண்ட் நாட் ஒன்

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு "ங்க" போடுகிறவன், சண்டை முற்றினால் மூன்று போடுவான். நானும் என் மச்சானும் வாழ்க்கையில் உருப்படியாகப் போட்ட ஒரே சண்டையில் எத்தனை "ங்க" செலவானது என்று எண்ண முடியாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கண்டென்சருக்காக அந்தச் சண்டை நடந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஓமலூர் கடைவீதியில் ஒரு ரேடியோ கடை வைத்திருந்தோம். ரிப்பேர் பார்ப்போம், மைக் செட் வாடகைக்கு விடுவோம், கேட்டால் ஆம்ப்ளிஃபயர் செய்தும் கொடுப்போம். மச்சான் வால்வு காலத்து ஆள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் செத்துப்போன ரேடியோவின் முதுகைத் திறந்து முகர்ந்து பார்த்தே எந்த இடத்தில் நோய் என்று சொல்லிவிடுவார். நான் டிப்ளமா படித்தவன். எனக்கு மூக்கு வேலை செய்யாது, கணக்கு வேலை செய்யும். இந்த ஏற்பாட்டில் கடை நன்றாகத்தான் ஓடியது. கடைக்கு வருகிறவர்கள் கிழவரோ குழந்தையோ, எல்லோரையும் அவர் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பழக்கம் பின்னால் ஒரு நாள் பொருத்தமான இடத்தில் போய் உட்கார்ந்தது.

கடைக்கு மேலே, மாடியில், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் குடியிருந்தார். கிறிஸ்தவர். ஜவ்வரிசி ஆலையில் எடை போடும் வேலை. மூட்டை எடையை இயந்திரச் சத்தத்துக்கு மேலே கூவிச் சொல்லிச் சொல்லியே அவர் குரல் அப்படி ஆனதா, அல்லது அந்தக் குரலைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்களா, தெரியாது. அடித்தொண்டையிலிருந்து, பாதாளத்தில் உருட்டிவிட்ட மாதிரி வரும். அவர் மாடியில் மனைவியிடம் உப்பு கேட்டால் கீழே எங்கள் மேஜையில் திருகாணிகள் நகரும். இதை நான் மிகைப்படுத்தவில்லை. தகர மூடியில் போட்டு வைத்த திருகாணிகள் உண்மையாகவே நகரும்.

அந்தக் குரலுக்கு ஒரு ஆசை இருந்தது. சேலம் போகிற வழியில் இருந்த அவர்களுடைய கோயிலில், பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் ஏசு பட்ட பாடுகளின் வரலாற்றை, சொல்கிறவர், ஏசு, கூட்டம் என்று மூன்று பேராகப் பிரித்து வாசிப்பார்கள். அதில் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போகிறவருக்குத்தான் நீளமான பாகம். பதினோரு வருடமாக அதை ஒரு தலைமையாசிரியர் வாசித்து வந்தார். மாடிக்காரர் பதினோரு வருடமும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் தலைமையாசிரியர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோனார். பங்குச் சாமியார் பாகத்தை மாடிக்காரருக்குக் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் எங்கள் தலைக்கு மேலே ஒத்திகை நடந்தது. வாசகம் எங்களுக்கே மனப்பாடமாகிவிட்டது. மச்சான் வால்வு மாற்றும்போது தன்னை அறியாமல் அதை முணுமுணுப்பார்.

கோயிலுக்குப் புதிதாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று எங்களிடம் கூட்டி வந்ததும் மாடிக்காரர்தான். பழைய வால்வு செட் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. புதிதாக வாங்கிய மைக்கின் சத்தம் அதற்குப் போதவில்லை. எனவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போர்டு செய்து வைத்தால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். இரண்டு டிரான்சிஸ்டர் போதும். முதலாவது மைக்கின் சத்தத்தைப் பெரிதாக்கி இரண்டாவதுக்குக் கொடுக்கும், இரண்டாவது இன்னும் பெரிதாக்கி வால்வு செட்டுக்குக் கொடுக்கும். மச்சானுக்கு டிரான்சிஸ்டர் மேல் பெரிய மதிப்பு கிடையாது. சூடேறாத சாமானை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும், பயப்பட வேண்டாம். முதல் டிரான்சிஸ்டரின் வாயில் ஆறு வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். இரண்டாவதின் வாசலில் ஒன்றரை வோல்ட்தான் நிற்க வேண்டும். இரண்டையும் கம்பி வைத்து நேராக இணைத்தால் ஆறு வோல்ட் உள்ளே புகுந்து இரண்டாவதின் கழுத்தை நெரித்துவிடும், சத்தமே வராது. ஆகவே நடுவில் ஒரு கண்டென்சர் போடுவது, கப்ளிங் என்பார்கள். அது நிற்கிற வோல்ட்டை விடாது, ஆடுகிற வோல்ட்டை விடும். பக்கத்து வீட்டுக்காரர் பொதுச் சுவரில் சாய்ந்து நின்றால் நமக்குத் தெரிவதில்லை, சுவரைத் தட்டினால் தெரிகிறது, அது போலத்தான். குரல் என்பது ஆட்டம், அதனால் குரல் போய்விடும். ஆனால் சுவர் எவ்வளவு மெதுவான தட்டலை விடும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. கண்டென்சர் சிறியதாக இருந்தால் வேகமான ஆட்டம் மட்டும் போகும். மெதுவான ஆட்டம், அதாவது கனத்த குரல், இந்தப் பக்கமே நின்றுவிடும். எவ்வளவு சிறியது என்பது கண்டென்சரை மட்டும் பொறுத்ததல்ல. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற ஓம் கணக்கையும், அதாவது மின்தடையையும், பொறுத்தது.

நான் அந்த இடத்தில் பத்து மைக்ரோஃபாரட் அளவில் ஒரு எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சரைப் போட்டுவிட்டு, வயலில் பம்புசெட் மாற்ற வேண்டியிருந்ததால் நாமக்கல் பக்கம் எங்கள் ஊருக்கு மூன்று நாள் போனேன். போர்டைப் பெட்டியில் வைத்து மூடுவது மட்டும்தான் மச்சானுக்கு மீதி வேலை.

திரும்பி வந்த புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. பெட்டியை மச்சானே கொண்டுபோய்ப் பொருத்தி வைத்திருந்தார். கோயிலுக்குள் கூம்புக்குழாய் வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருந்ததால் சுவரில் நான்கு பெட்டி ஸ்பீக்கர். மாடிக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் மைக் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார்.

நான்கு ஸ்பீக்கரிலும் கொசு பேசியது.

வார்த்தை எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. "ச"வும் "ஷ"வும் ஊசி மாதிரி வந்தன. ஆனால் குரல் இல்லை. மாடிக்காரரின் குரலில் இருந்த பாதாளத்தை யாரோ வடிகட்டி எடுத்துவிட்டு, மேலே மிதந்த தூசியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பின மாதிரி இருந்தது. பாடகர் குழுவில் இருந்த பெண் பிள்ளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மாடிக்காரர் நிறுத்தினார். மறுபடியும் ஆரம்பித்தார். இன்னும் கனமாகப் பேசிப் பார்த்தார். கனம் கூடக்கூட ஸ்பீக்கரில் இன்னும் குறைந்தது.

அடுத்து, சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வந்து கூட்டத்தின் பாகத்தை வாசித்தார். அவருக்கு இயற்கையிலேயே கீச்சுக் குரல். அது கணீரென்று கேட்டது. பங்குச் சாமியார் நல்ல மனிதர், யார் மனதும் நோகாமல் பேசுகிறவர். மாடிக்காரரைத் தனியாக அழைத்து, தொண்டை சரியில்லை போல் தெரிகிறது, வெள்ளிக்கிழமை மதியம்வரை பார்க்கலாம், சரியாகாவிட்டால் உபதேசியார் வாசிக்கட்டும், அடுத்த வருடம் இருக்கவே இருக்கிறது என்றார். மாடிக்காரர் தலையாட்டினார்.

பஸ்ஸில் வரும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"வயசாயிடுச்சு தம்பி. வீட்டுல நமக்கு நாமே கேக்கறப்பத் தெரியலை. மைக்கு பொய் சொல்லுமா?"

மைக்கில்தான் ஏதோ கோளாறு, உங்கள் குரலில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து மாடியில் சத்தமே இல்லை. மனைவியிடம் உப்பு கேட்டதுகூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையிலிருந்து படிக்கட்டில் சித்தரத்தையும் மிளகும் கொதிக்கிற வாசம் இறங்கி வந்தது. என் மேஜையில் திருகாணிகள் போட்டது போட்டபடி கிடந்தன. எனக்கு அது தாங்கவில்லை. நாற்பது நாள் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

உடனே கோயிலுக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து திறந்தேன். இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவில் நான் போட்ட பத்து மைக்ரோஃபாரட் இல்லை. அங்கே மெழுகு தடவிய ஒரு பழைய குழல் கண்டென்சர் உட்கார்ந்திருந்தது. பாயிண்ட் நாட் ஒன். அதாவது மைக்ரோஃபாரடில் நூறில் ஒரு பங்கு.

மச்சானிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்.

"கப்ளிங்குன்னா பாயிண்ட் நாட் ஒன்னுங்க மாப்ள. இருவது வருசமா எந்த செட்டுலயும் அதானுங்க போடறது. நீங்க எலெக்ட்ரோலைட்டிக்கப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டீங்க. அது கசியுமுங்க. கசிஞ்சா அடுத்த ஸ்டேஜு என்னத்துக்கு ஆவறதுங்க?"

அவர் சொன்னதில் பாதி நியாயம், அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு திருவிழாவில் இப்படிக் கசிந்த கண்டென்சர் ஒன்று நின்ற வோல்ட்டை அடுத்த வால்வுக்குள் விட்டு, வால்வு அடுப்புக்கரி மாதிரி சிவந்து செத்துப்போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து எலெக்ட்ரோலைட்டிக்கைக் கண்டாலே பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார். அது சரி. ஆனால் பாயிண்ட் நாட் ஒன் என்பது கண்டென்சருக்கு ஆண்டவன் வைத்த பெயர் இல்லை. அது வால்வுக்கு உண்டான அளவு. வால்வின் வாசலில் ஐந்து லட்சம் ஓம் இருக்கும். அங்கே பாயிண்ட் நாட் ஒன் போட்டால் வினாடிக்கு முப்பத்திரண்டு ஆட்டம்வரை வெட்டாமல் விடும், எந்தக் குரலும் தப்பிப் போய்விடும். டிரான்சிஸ்டருக்கு அந்த வசதி கிடையாது. என் போர்டில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டாயிரம் ஓம்தான். அங்கே அதே பாயிண்ட் நாட் ஒன் இரண்டாயிரம் ஆட்டத்துக்குக் கீழே உள்ளதை எல்லாம் தேய்க்க ஆரம்பித்துவிடும். மாடிக்காரர் குரலின் அடிப்பகுதி நூறு ஆட்டம். அதில் இருபதில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

இதில் வேடிக்கை, அதே போர்டிலிருந்து வால்வு செட்டுக்குப் போகிற இடத்திலும் மச்சான் பாயிண்ட் நாட் ஒன்தான் போட்டிருந்தார். அங்கே ஐந்து லட்சம் ஓம் இருந்ததால் அது கச்சிதமாகச் சரி. ஒரே ஆள், ஒரே கண்டென்சர், ஒரு சாண் தூரத்தில் ஒன்று சரி, ஒன்று கொலை.

நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். கடையில் இருந்த கூம்புக்குழாயில் மாட்டி, "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்தாராம். கூம்புக்குழாயில் யானை பேசினாலும் தகரச் சத்தம்தான் வரும். அதில் எந்த வித்தியாசம் தெரியும்? இதை நான் அவரிடம் மரியாதையோடு கேட்டேன். அவரும் மரியாதையோடு பதில் சொன்னார். மரியாதை ஏறிக்கொண்டே போனது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் கடைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு டீ அனுப்பினார்.

கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பத்து எதற்கு, நூறாகவே போடுவோம் என்று நூறு மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலைட்டிக் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். பெரியதாகப் போட்டால் எல்லாமே போகும், குறை எங்கிருந்து வரும்? இப்படித்தான் படித்தவன் யோசிப்பான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோயிலில் பெட்டியைப் பொருத்தினோம். அன்றைக்கு அங்கே மணி அடிக்க மாட்டார்கள், ஆர்மோனியம் வாசிக்க மாட்டார்கள். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். கோயில் முழுக்க அப்படி ஒரு அமைதி. சுவிட்சைப் போட்டேன். நான்கு ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் "தொம்" என்றன. ஜெபம் செய்துகொண்டிருந்த இரண்டு பாட்டிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நான் பேசிப் பார்த்தேன். குரல் கனமாக வந்தது, சந்தோஷம். ஆனால் குரலோடு மற்ற எல்லாமும் வந்தது. பீட மேடை மரப்பலகை. யாராவது அதில் கால் வைத்தால் ஸ்பீக்கரில் இடி இறங்கியது. மின்விசிறிக் காற்று மைக்கில் பட்டு லாரி மேடேறுகிற மாதிரி உறுமியது. "ப" சொன்னால் ஸ்பீக்கர் காகிதம் வெளியே எகிறிக் குதிப்பது கண்ணுக்கே தெரிந்தது. நூறு மைக்ரோஃபாரடுக்கு ஐந்து வினாடிக்கு ஒரு தரம் ஆடுகிற ஆட்டமும் போகும். அதை யாரும் காதால் கேட்க முடியாது, ஸ்பீக்கர் மட்டும் அவதிப்படும்.

இது போதாதென்று கொஞ்சம் உரக்கப் பேசினால் சத்தம் கரகரவென்று உடைந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை வோல்ட் நிற்க வேண்டிய வாசலில் இரண்டைத் தாண்டி நின்றது. கண்டென்சர் கசிகிறது. கடையில் இரண்டு வருடம் வெயிலில் கிடந்த சரக்கு. என் டிப்ளமா கணக்கில் ஓம் உண்டு, மைக்ரோஃபாரட் உண்டு, கசிவு என்று ஒரு எழுத்து கிடையாது. மச்சான் மீட்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு "ங்க"கூடச் சொல்லவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

பெட்டியைக் கழற்றிப் பீடத்துக்குப் பின்னால் இருந்த சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குக் கொண்டுபோனோம். மணி ஒன்று ஆகப்போகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில், இந்த முறை ஒழுங்காக, கணக்குப் போட்டேன். நூறு ஆட்டம் முழுசாகப் போக வேண்டும், பலகைச் சத்தம் போகக்கூடாது. நாற்பது ஆட்டத்தில் வெட்டு வைத்தால் சரி. எட்டாயிரம் ஓமுக்கு அரை மைக்ரோஃபாரட் வந்தது. கசியாத சாதியாக வேண்டும், எலெக்ட்ரோலைட்டிக் கூடாது. இதை ஒப்புக்கொண்டு சொன்னபோது மச்சான் முகத்தில் ஒரு வெளிச்சம்.

ஆனால் அரை மைக்ரோஃபாரட் எங்கே போவது? பையில் இருந்தது எல்லாம் ஃபியூசும் வயரும்தான். ஓமலூர் போய்த் திரும்ப பஸ்ஸை நம்ப முடியாது. சேலத்தில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மச்சான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் பங்குச் சாமியாரின் பெட்ரோல் ஜீப் நின்றது.

"மாப்ள," என்றார், "ஜீப்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு கண்டென்சர் இருக்குதுங்கல்ல?"

இருந்தது. இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட் முனை கருகாமல் இருக்கப் போடுகிற சின்ன டப்பா. கால் மைக்ரோஃபாரடுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பல நூறு வோல்ட் அடியைத் தாங்குகிற சாமான், கசிகிற பேச்சே இல்லை. ஜீப் ஓட்டுநர் தன் கருவிப் பெட்டியில் இன்னொன்று உபரியாக வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் அரை. இப்படி ஒரு யோசனை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது. ஓட்டுநரோ சாமியாரின் அனுமதி இல்லாமல் பானெட்டைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜீப்பில் இருப்பதைக் கழற்றினால் வண்டி கிளம்பாது, வழிபாடு முடிந்ததும் சாமியார் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும்.

சாமியார், வருகிறவர்கள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் இருந்தார். பெரிய வெள்ளி என்பதால் பத்து மணிக்கு உட்கார்ந்தவர் இரண்டரைவரை எழ மாட்டார். முன்னால் முப்பது பேர் வரிசை. மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

நான் தூணோரம் நின்று பார்த்தேன். முன்னால் இருந்தவர்கள் எப்படி மண்டியிடுகிறார்கள், எப்படிச் சிலுவை போடுகிறார்கள் என்று கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அவசரம் என்று அவர் கெஞ்சியதில் பாதிப் பேர் வழி விட்டார்கள். எவ்வளவு பெரிய பாவமோ என்று நினைத்திருக்க வேண்டும். முறை வந்ததும் கிராதிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மிகச் சரியான ஆளைச் "சாமி" என்று கூப்பிட்டார். அது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு நெடுநேரம் முணுமுணுப்பு. உள்ளே இருந்து ஒரு இருமல். மச்சான் எழுந்து, சிலுவையை இடமும் வலமும் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அதச் சொல்லக்கூடாதுங்களாமா. ரகசியமுங்க," என்றார். "நீங்க ஸ்பேனர எடுங்க."

ஓட்டுநரிடமும் அதையே சொன்னார். கூண்டிலிருந்து எழுந்து வந்தவரிடம் அதற்கு மேல் கேட்க ஓட்டுநருக்குத் தைரியம் இல்லை. பானெட்டைத் திறந்துவிட்டார்.

இரண்டு டப்பாவையும் மீட்டரில் வைத்துப் பார்த்தோம். முள் ஒரு தரம் துள்ளி, பின்வாங்கி, பழைய இடத்திலேயே படுத்துவிட்டது, கசிவு இல்லை. என் எலெக்ட்ரோலைட்டிக்கை வைத்தபோது அதே முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மச்சான்தான் அதை வைத்துக் காட்டினார், கல்வி என்று வைத்துக்கொள்ளலாம். ஜீப் கண்டென்சரில் தகர டப்பாவே ஒரு முனை. அது பெட்டியின் உடம்பில் பட்டால் குரல் அங்கேயே செத்துவிடும். ஆகவே இரண்டு டப்பாவையும் ஒரு நட்டு போட்டு முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினோம். டப்பாப் பக்கத்தை முதல் டிரான்சிஸ்டரிலும் வயர் பக்கத்தை இரண்டாவதிலும் பற்றவைத்தேன். சிறிய போர்டின் மேல் அது, மாட்டு முதுகில் மூட்டை கட்டிய மாதிரி உட்கார்ந்தது. வேலை முடியும்வரை நாங்கள் இருவரும் அதே மரியாதையில், யாருடைய தப்பு எவ்வளவு என்று பேசிக்கொண்டுதான் இருந்தோம். அறைக் கதவை அடைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. மாடிக்காரர் அதே வெள்ளை வேட்டியில், ஆனால் இரண்டாவது வரிசையில், பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மாடிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மாடிக்காரர் எழுந்து வந்து பலகை மேல் கால் வைத்தார். ஸ்பீக்கரில் இடி இல்லை. அதற்கே நான் யாரையாவது கட்டிப் பிடித்திருப்பேன். பக்கத்தில் மச்சான்தான் இருந்தார், ஆகவே விட்டுவிட்டேன்.

மாடிக்காரர் வாயைத் திறந்தார். முதல் வார்த்தை பயந்துகொண்டு வந்தது. அது நான்கு சுவரிலிருந்தும் முழுசாக, அடியோடு, பாதாளத்தோடு திரும்பி வந்து அவரையே தொட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு வாசித்தார். நாற்பது நாள் எங்கள் கூரையில் கேட்ட குரல் அது. பின் வரிசையில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தது. மனப்பாடமான வாசகம்தான், ஆனாலும் என் கண் கலங்கிவிட்டது. மச்சான் பக்கத்தில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் சாமியார் மாடிக்காரரின் கையைப் பிடித்து, புதன்கிழமை என்னதான் ஆயிற்று என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் எங்களுக்கு மைக் செட் வேலை கொடுக்கக் கூடியவர்கள். மாடிக்காரர் சிரித்துக்கொண்டே, தன் தொண்டைதான் கட்டியிருந்தது, சித்தரத்தைக் கஷாயம் குடித்ததில் திறந்துவிட்டது என்றார். மைக் செட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பாவம், மனிதர் உண்மையிலேயே நம்புகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஓட்டுநர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, சாமியாரே ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். வண்டி இழுத்தது, இழுத்தது, கிளம்பவில்லை. சாமியார் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தார். கூண்டுக்குள் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பதால் சாமியார் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, உபதேசியாரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போனார். திங்கட்கிழமை நாங்கள் ஜீப்புக்குப் புதிதாக ஒன்றும், ஓட்டுநர் பெட்டிக்கு உபரியாக ஒன்றும் வாங்கிப் போட்டோம்.

அடுத்த வருடம் தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், மாடிக்காரர் படியிறங்கிக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த வருடமும் அவர்தான் வாசிக்கிறாராம். கஷாயத்துக்குச் சித்தரத்தை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"கஷாயம் எதுக்கு தம்பி? அந்த ஜீப்பு சாமானை மட்டும் யாரும் கழட்டாமப் பாத்துக்குங்க, போதும்."

ஜீப் சாமான் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு மணிக்கே கோயிலுக்கு வந்துவிட்டாராம். நாங்கள் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் நின்று எங்கள் சண்டை முழுவதையும், ஒரு "ங்க" விடாமல், கேட்டிருக்கிறார். கோளாறு தன் குரலில் இல்லை என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டாராம். அப்படியானால் சாமியாரிடம் ஏன் தொண்டை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கடைப் பெயர் கெட வேண்டாம் என்றுதான் என்றார். பெரிய வெள்ளிக்கிழமை அன்று, அதுவும் கோயில் வாசலில் பொய் சொல்லிவிட்டோமே என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லையாம். பிறகு கூண்டில் போய் மண்டியிட்டு அதையும் சொல்லிவிட்டாராம். ஆக ஜீப் கண்டென்சர் திருட்டு ஒரு காதிலும், கடைக்காகச் சொன்ன பொய் இன்னொரு காதிலும் வாங்கி, இரண்டையும் வெளியே விட முடியாமல் அந்தச் சாமியார் ஒரு வருடமாக எங்களைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"சாமியார் என்னங்க சொன்னாரு?" என்று மச்சான் கேட்டார்.

"அதச் சொல்லக் கூடாது," என்றார் மாடிக்காரர். மேஜையில் திருகாணிகள் நகர்ந்தன.

அன்று மத்தியானமே கோயிலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, கறுப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டி, "கழற்றாதே" என்று எழுதினேன். மச்சான் அதைப் பார்த்து முகம் சுளித்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, கீழே "கழட்டாதீங்க" என்று எழுதினார்.